பங்காளி முகம்: முகமாற்றத்தில் டூப்பின் சாயல் எங்கிருந்து கசிகிறது, எப்படி அடைப்பது

போன வருடம் ஒரு தமிழ் டெலிமூவிக்காக 48 வினாடிக் காட்சி ஒன்று என் மேசைக்கு வந்தது. ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் கதாநாயகன் மோட்டார் சைக்கிளில் வந்து நிறுத்துகிறான், தலைக்கவசத்தைக் கழற்றுகிறான், பூக்கடைக்காரரிடம் இரண்டு வரி பேசிவிட்டுச் சிரிக்கிறான். படப்பிடிப்புக்கு முதல் நாள் நடிகருக்குக் கால் எலும்பு முறிந்துவிட்டது. அதனால் டூப் ஒருவரை வைத்து எடுத்துவிட்டார்கள். டூப்பின் முகத்தில் நடிகரின் முகத்தை ஏற்றித் தர வேண்டும். நடிகர், டூப் இருவரும் எழுத்தில் சம்மதம் கொடுத்திருந்தார்கள். அந்தத் தாள் இல்லாமல் நான் கணினியைத் தொடுவதில்லை, நீங்களும் தொடாதீர்கள்.

பிரிக்பீல்ட்ஸில் என் அறையில், முகத்தை மாற்றி வரையும் மாடலுக்குக் கணினியில் மூன்று நாள் பயிற்சி ஓடிய பிறகு கிடைத்த முகம் டூப்புடையது இல்லை. நடிகருடையதும் இல்லை. இருவரையும் கலந்து பெற்ற பிள்ளை மாதிரி இருந்தது. பார்த்த இயக்குநர், “என்னண்ணே, இவரோட பங்காளிய கூட்டி வந்துட்டீங்களா?” என்றார். அன்றிலிருந்து இந்தக் கோளாறுக்கு எங்கள் வட்டத்தில் “பங்காளி முகம்” என்றே பெயர். ஏட்டுப் பெயர் அடையாளக் கசிவு.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். இன்னும் கொஞ்ச நேரம் ஓடவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்து ஒரு வாரம் மின்கட்டணம் கட்டுகிறார்கள். சரியாகாது. கசிவு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து அந்த இடத்தை அடைக்க வேண்டும். நான் டீப்ஃபேஸ்லேப் மென்பொருளின் `SAEHD` மாடலை வைத்துச் சொல்கிறேன். அதன் மூலக் களஞ்சியத்தில் இப்போது புதிய வேலை நடப்பதில்லை என்றாலும், கசிவு எப்படி நடக்கிறது என்று புரிந்துகொள்ள அதைவிட வெளிப்படையான கருவி எனக்குத் தெரியவில்லை.

முதலில் இரண்டு பெயர்

`src` என்பது முகத்தைக் கொடுப்பவர். இங்கே நடிகர். `dst` என்பது முகத்தை வாங்குபவர், அதாவது காட்சியில் உண்மையில் நடித்திருக்கும் டூப். ஆய்வுக் கட்டுரைகளில் கொடுப்பவரைச் சோர்ஸ் என்றும் வாங்குபவரை டார்கெட் என்றும் எழுதுவார்கள். எதைப் படித்தாலும் யார் கொடுப்பவர், யார் வாங்குபவர் என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, கூட்ட வேண்டிய எண்ணைக் குறைத்து வைத்த ஒரு தம்பியை எனக்குத் தெரியும்.

கசிவு என்றால், டூப்பிடமிருந்து வர வேண்டியது (தலை திரும்பும் கோணம், கண் பார்வை, வாயசைவு, வெளிச்சம்) வந்ததோடு நிற்காமல், வரக்கூடாததும் (மூக்கின் அகலம், கண்களுக்கு இடையிலான தூரம், உதட்டின் வடிவம்) சேர்ந்து வந்துவிடுவது.

கசிவு ஏன் நடக்கிறது

மாடலுக்குள் என்கோடர் ஒன்று இருக்கிறது. அது முகத்தைப் பார்த்து ஒரு சுருக்கக் குறிப்பு எழுதுகிறது. அந்தக் குறிப்பை வாங்கி டிகோடர் முகத்தைத் திரும்ப வரைகிறது. ஒரே என்கோடர்தான் நடிகரையும் பார்க்கிறது, டூப்பையும் பார்க்கிறது. பயிற்சியின்போது நடிகரின் படத்தைக் கொடுத்து நடிகரை வரையச் சொல்கிறோம், டூப்பின் படத்தைக் கொடுத்து டூப்பை வரையச் சொல்கிறோம். டூப்பின் படத்தைக் கொடுத்து நடிகரை வரையச் சொல்லும் அந்த மாற்றத்தைப் பயிற்சியில் ஒருமுறைகூடச் செய்வதில்லை. செய்யவும் முடியாது. டூப்பின் அதே நொடியில் நடிகர் அதே மாதிரி முகம் வைத்திருந்த படம் நம்மிடம் இல்லையே. விடைத்தாளே இல்லாத கேள்வி அது.

இதிலிருந்து ஒரு முக்கியமான விஷயம் புரிய வேண்டும். திரையில் இறங்கிக்கொண்டே போகும் `loss` எண்கள் இரண்டும், நடிகரை நடிகராகவும் டூப்பை டூப்பாகவும் எவ்வளவு நன்றாக வரைகிறது என்பதைத்தான் சொல்கின்றன. மாற்றம் எப்படி வருகிறது என்று அவை சொல்வதில்லை. எண் இறங்க இறங்கக் கசிவு கூடுவதும் உண்டு. என் முதல் முயற்சியில் அதுதான் நடந்தது.

என்கோடர் எழுதும் குறிப்பில் “வாய் பாதி திறந்திருக்கிறது, வெளிச்சம் இடப்பக்கம்” என்பது மட்டும் இருந்தால் நடிகரின் டிகோடர் நடிகரையே வரையும். ஆனால் அந்தக் குறிப்பில் “மூக்கு ஒல்லி” என்பதும் ஒளிந்திருந்தால், டிகோடர் ஒல்லி மூக்குள்ள நடிகரை வரைகிறது. அதுதான் பங்காளி.

படி 1: எங்கே கசிகிறது என்று பாருங்கள்

எந்த அமைப்பையும் மாற்றுவதற்கு முன்னால் காட்சியை ஒருமுறை நிதானமாக ஓட்டிப் பாருங்கள். மூன்று விதமாக இருக்கும்.

சில கோணங்களில் மட்டும் பங்காளி தெரிந்து, நேராகப் பார்க்கும்போது நடிகர் சரியாக இருந்தால், கோளாறு படங்களில். எல்லாக் கோணத்திலும் ஒரே அளவாகக் கலந்திருந்தால், கோளாறு மாடலிலோ பயிற்சியிலோ. கண், மூக்கு, வாயை மட்டும் கையால் மறைத்து மறைத்துப் பார்த்தால் நடிகராகவும், கையை எடுத்து முழு முகமாகப் பார்த்தால் வேறு ஆளாகவும் தெரிந்தால், கோளாறு மாஸ்க்கில், அதாவது புது முகம் எந்த இடம் வரைக்கும் தெரிய வேண்டும் என்று வெட்டும் எல்லையில்.

ஆனால் பல நாள் ஒரே முகத்தைப் பார்த்த கண் ஏமாற்றும். இரண்டாம் நாளே எல்லாம் நடிகர் மாதிரிதான் தெரியும். அதனால் நான் ஓர் அளவுகோலும் வைத்துக்கொள்கிறேன். முக அடையாளம் காணும் ஆர்க்ஃபேஸ் வகை மாடல், எந்த முகத்தையும் 512 எண்களாக மாற்றித் தரும். இரண்டு முகங்களின் எண்களைப் பெருக்கிக் கூட்டினால் ஒற்றுமை எவ்வளவு என்று ஒரே எண் கிடைக்கும். ஒரே ஆள் என்றால் 1ஐ நோக்கிப் போகும். வேறு ஆள் என்றால் 0க்குப் பக்கத்தில் நிற்கும்.

```python
import cv2, numpy as np
from insightface.app import FaceAnalysis

app = FaceAnalysis(name='buffalo_l')
app.prepare(ctx_id=0, det_size=(640, 640))

def emb(p):
    return app.get(cv2.imread(p))[0].normed_embedding

s, d, r = emb('src.jpg'), emb('dst.jpg'), emb('result.jpg')
print(np.dot(r, s), np.dot(r, d))
```

முதல் எண் நடிகரோடு ஒற்றுமை, இரண்டாவது டூப்போடு ஒற்றுமை. படத்தில் ஒரே ஒரு முகம் இருக்கும்படி வெட்டிக் கொடுங்கள். இல்லாவிட்டால் பின்னால் நிற்கும் பூக்கடைக்காரரை அளந்துவிட்டு வரும். பொது அளவு என்று ஒன்றைத் தேடாதீர்கள், அது ஆளுக்கு ஆள் மாறும். நடிகரின் இரண்டு வேறு படங்களை ஒப்பிட்டு மேல் எல்லையையும், நடிகரையும் டூப்பையும் ஒப்பிட்டுக் கீழ் எல்லையையும் முதலில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் காட்சியில் மேல் எல்லை 0.72, கீழ் எல்லை 0.11. வினாடிக்கு 25 பிரேம் என்று மொத்தம் 1,200 பிரேம். ஐம்பதுக்கு ஒன்றாக 24 பிரேம் எடுத்து அளந்தேன். முதல் முயற்சியின் சராசரி, நடிகரோடு 0.39, டூப்போடு 0.36. இயக்குநர் வாயால் சொன்னதை எண் அப்படியே சொன்னது. நடிகரோடு உள்ள எண் மட்டும் குறைவாக இருந்தால் மங்கல், தெளிவின்மை என்று வேறு காரணம் இருக்கலாம். டூப்போடு உள்ள எண் கீழ் எல்லைக்கு மேலே ஏறி நின்றால்தான் அது கசிவு.

இந்த அளவுகோலுக்கு ஒரு குறை உண்டு. அது முகத்தின் நடுப்பகுதியை 112×112 அளவில் வெட்டித்தான் பார்க்கிறது. தலைமுடி, காது, கழுத்து எல்லாம் அதற்குக் கிட்டத்தட்டத் தெரியாது. அந்தக் குறையே பின்னால் எனக்கு உதவியது, சொல்கிறேன்.

படி 2: படங்களைச் சுத்தம் செய்யுங்கள்

`workspace/data_src/aligned` கோப்புறையில் நடிகரின் 3,140 முகப் படங்கள் இருந்தன. பெரும்பாலானவை அதே டெலிமூவியின் மற்ற காட்சிகளிலிருந்து வெட்டியவை. மீதி, நடிகர் கட்டுப்போட்ட காலோடு வீட்டில் உட்கார்ந்து பத்து நிமிடம் பேசிக் கொடுத்த காணொளியிலிருந்து. அடுக்கும் கருவியில் முகங்களை ஹிஸ்டோகிராம் ஒற்றுமைப்படி, அதாவது நிறப் பரவல் ஒத்த படங்கள் பக்கத்தில் பக்கத்தில் வரும்படி வரிசைப்படுத்திவிட்டு உருட்டிப் பார்த்தேன். ஓர் இடத்தில் வரிசையாக நாற்பது முகம், எல்லாம் டூப்.

காரணம் எளிது. படப்பிடிப்புத் தளத்தில் எடுத்த ஒரு காணொளியில் நடிகரும் டூப்பும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பேசியிருந்தார்கள். முகம் வெட்டும் கருவி இருவரையும் வெட்டிப் போட்டுவிட்டது. நாற்பது தானே என்று விட்டுவிடாதீர்கள். டூப்பின் முகம் வந்தால் டூப்பையே வரையலாம் என்று நடிகரின் டிகோடருக்கு நாமே சொல்லிக் கொடுத்த பாடம் அது. மாற்றம் செய்யும் நேரத்தில் அது அந்தப் பாடத்தைத்தான் நினைவு வைத்திருக்கும்.

பிறகு முகம் திரும்பும் கோணத்தின்படி, அதாவது `yaw` வரிசையில் அடுக்கிப் பாருங்கள். டூப் கடைக்காரர் பக்கம் திரும்பும்போது முகத்தின் இடப்பக்கம் நன்றாகத் தெரிகிறது. நடிகரின் படங்களிலோ அந்தப் பக்கக் கோணத்தில் பத்துப் படம்கூட இல்லை. நடிகரின் மூக்கு பக்கவாட்டில் எப்படி இருக்கும் என்று டிகோடருக்குத் தெரியாதபோது, குறிப்பில் கசிந்து வந்த டூப்பின் மூக்கை வைத்தே இட்டு நிரப்பும். நடிகருக்குக் கைப்பேசியில் கூப்பிட்டு, சன்னல் பக்கத்தில் உட்கார்ந்து தலையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோள் வரைக்கும் மெதுவாகத் திருப்பியபடி “ஒன்று, இரண்டு” எண்ணி ஒரு நிமிடக் காணொளி அனுப்பச் சொன்னேன். எண்ணச் சொன்னது வாய் திறந்து மூடுவதற்காக. அந்த ஒரு நிமிடம், நான் இரண்டு நாள் அமைப்புகளை மாற்றி மாற்றிப் பார்த்ததைவிட அதிகம் செய்தது.

டூப்பின் கோப்புறையையும் பாருங்கள். அங்கே வழிப்போக்கர்களின் முகங்கள் வந்திருந்தால் அந்த முகங்களிலும் நடிகரை ஒட்டிவிடும். சிரிப்பாக இருக்கும், அழிக்க நேரமாகும்.

படி 3: `df` வேண்டுமா, `liae` வேண்டுமா

புதிய மாடல் தொடங்கும்போது கேட்கும் கேள்விகளில் கசிவை அதிகம் தீர்மானிப்பது இதுதான். பிறகு மாற்ற முடியாது. மாற்ற வேண்டுமென்றால் முதலிலிருந்து பயிற்சி.

`df` அமைப்பில் குறிப்பு எழுதும் பாதை இருவருக்கும் பொது, ஆனால் டிகோடர் ஆளுக்கு ஒன்று. நடிகரின் டிகோடர் தன் வாழ்நாளில் நடிகரை மட்டுமே வரைந்திருக்கிறது (கோப்புறை சுத்தமாக இருந்தால்). `liae` அமைப்பில் டிகோடர் ஒன்றே ஒன்று, அது இருவரையும் வரையக் கற்றிருக்கிறது. யாரை வரைய வேண்டும் என்று பிரிப்பது, நடுவில் இருக்கும் `inter_AB`, `inter_B` என்ற இரண்டு பகுதிகள். இருவரையும் வரையத் தெரிந்த ஒரே கை என்பதால், டூப்பின் முக வடிவத்துக்கும் வெளிச்சத்துக்கும் `liae` நன்றாக இணங்கிப் போகும். அந்த இணக்கம்தான் கசிவாகவும் மாறுகிறது.

நான் முதலில் `liae-ud` எடுத்திருந்தேன். நடிகருக்கு வட்ட முகம், டூப்புக்கு நீள முகம். வடிவ வித்தியாசத்தை `liae` சமாளிக்கும் என்று கருவியின் குறிப்பே சொல்கிறது. சமாளித்தது உண்மைதான், நடிகரின் முகத்தை நீட்டிச் சமாளித்தது. எனக்கு வேண்டியது ஒட்டும் இடம் தெரியாத ஒரு பங்காளி அல்ல, நடிகர். அதனால் `df-ud` அமைப்புக்கு மாறினேன். அதில் உள்ள `u` கொடுப்பவரின் சாயலைக் கூட்டும் என்கிறது கருவியின் குறிப்பு. `d` அதே கணக்கு வேலையில் இரட்டிப்புத் தெளிவு தரும்.

இரண்டு முகங்களும் முன்னமே வடிவத்தில் நெருக்கமாக இருந்து, வெளிச்சம் மட்டும் பெரிய தலைவலி என்றால் நான் இப்போதும் `liae` தான் எடுப்பேன். அப்போது இன்னொரு பொறி இருக்கிறது. வேறு ஆளுக்குப் பயிற்சி கொடுத்த பழைய `liae` மாடலை மறுபடி எடுத்தால், பழைய ஆளின் சாயலும் வந்து பங்காளிக் குடும்பம் பெரிதாகும். தொடங்குவதற்கு முன் மாடல் கோப்புறையில் பெயரில் `inter_AB` உள்ள கோப்பை அழித்துவிடுங்கள். அந்தப் பகுதியை மட்டும் அது புதிதாகக் கற்றுக்கொள்ளும்.

படி 4: `random warp` விஷயத்தில் பொறுமை

இங்கேதான் நான் முதல் முறை கெடுத்தேன்.

`Enable random warp of samples` என்ற அமைப்பு இயங்கும்போது, பயிற்சிப் படம் கசக்கிய துணி மாதிரி அங்கங்கே நெளிக்கப்பட்டு என்கோடருக்குப் போகிறது. வரைய வேண்டியதோ நெளிக்காத அசல் படம். ஆகவே உள்ளே வருகிற மூக்கின் அகலத்தை மாடலால் நம்ப முடியாது, ஒவ்வொரு முறையும் அது ஒவ்வொரு அகலத்தில் வருகிறது. நம்ப முடியாததைக் குறிப்பில் எழுதிப் பயனில்லை. மூக்கு எப்படி இருக்கும் என்பதை டிகோடர் தன் நினைவிலிருந்துதான் எடுத்தாக வேண்டும். நடிகரின் டிகோடரின் நினைவில் இருப்பது நடிகரின் மூக்கு. கசிவுக்கு எதிராக நம்மிடம் இருக்கும் பெரிய தடுப்பு இதுதான்.

இதை நிறுத்தினால் படம் திடீரென்று கூர்மையாகும், கண்ணிமை தெரியும், `loss` சரசரவென்று இறங்கும். பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் அந்த நொடியிலிருந்து உள்ளே வரும் வடிவம் உண்மையான வடிவம். அதை அப்படியே கடத்திவிடுவது மாடலுக்குச் சுலபமான வழி. நடிகரின் அடையாளம் ஊறுவதற்கு முன்பே நிறுத்தினால் டூப்பின் அளவுகள் நேராக வெளியே வரும். நான் முதல் முறை 60,000 சுற்றில் நிறுத்தியிருந்தேன். கூர்மையான பங்காளி கிடைத்தான்.

இரண்டாம் முறை 180,000 சுற்று வரைக்கும் தொடவே இல்லை. 12 ஜிபி நினைவகம் உள்ள கிராபிக்ஸ் கார்டு, முகத்தின் அளவு 192, ஒரு சுற்றுக்கு 8 படம். இரண்டு இரவும் ஒரு பகலும் ஆனது. உங்களுக்கு இந்த எண் பொருந்தாமல் போகலாம், ஆகையால் எண்ணைப் பிடிக்காமல் முன்னோட்டச் சாளரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதில் ஐந்து பத்தி தெரியும். நடிகர், திரும்ப வரைந்த நடிகர், டூப், திரும்ப வரைந்த டூப், ஐந்தாவதாக டூப்பின் இடத்தில் நடிகர். மூன்றாவது பத்தியையும் ஐந்தாவதையும் மட்டும் பாருங்கள். கண் பார்வை, இமை, வாயசைவு மூன்றாவதோடு பொருந்த வேண்டும். மூக்கும் உதடும் பொருந்தக் கூடாது. பல்லும் இமைமுடியும் மங்கலாக இருப்பது இந்தக் கட்டத்தில் குற்றமில்லை. சில மணி நேர இடைவெளியில் எடுத்த முன்னோட்டங்களில் ஐந்தாவது பத்தி ஆள் மாறாமல் நின்றால், அப்போது `random warp` நிறுத்தலாம்.

நிறுத்துவதற்கு முன்னால் மாடல் கோப்புறையை அப்படியே நகலெடுத்து வையுங்கள். நிறுத்திய பிறகு சில ஆயிரம் சுற்றுக்கு ஒருமுறை படி 1இன் அளவை எடுங்கள். டூப்போடு உள்ள எண் ஏறத் தொடங்கினால் நகலுக்குத் திரும்பிப் போய் இன்னும் ஒரு நாள் ஓட விடுங்கள்.

இதற்கு மேல் ஒரே ஒரு அமைப்பைத்தான் நான் தொட்டேன். `df` எடுத்தால் மட்டும் `'True face' power` என்று ஒரு கேள்வி வரும். இருவரின் குறிப்புகளையும் பார்த்து எது யாருடையது என்று கண்டுபிடிக்க ஒரு சிறு காவலாளி வலைப்பின்னலை வைக்கிறது. காவலாளியால் கண்டுபிடிக்க முடியாதபடி குறிப்பு எழுத என்கோடர் கற்றுக்கொள்கிறது. அதாவது ஆள் அடையாளத்தைக் குறிப்பிலிருந்து துடைக்கச் சொல்லும் வேலை. வழக்கமான அளவு 0.01. அதிகம் வைத்தால் முகபாவமும் சேர்ந்து துடைபட்டுவிடும், நடிகர் மெழுகுபொம்மை மாதிரி நிற்பார். `Face style power` என்று இன்னொன்று இருக்கிறது. அது டூப்பின் முகத் தோற்றத்தை நோக்கி இழுப்பது. கசிவோடு போராடும்போது அது `0.0` ஆகவே இருக்கட்டும்.

இந்த முறை அளவு நடிகரோடு 0.57, டூப்போடு 0.19. மகிழ்ச்சியாக இயக்குநருக்கு அனுப்பினேன். “இப்ப பரவால்லண்ணே. ஆனா இன்னும் சொந்தக்காரன் மாதிரிதான் இருக்கு” என்று பதில் வந்தது.

படி 5: எண் சரி, கண் ஒப்பவில்லை என்றால் மாஸ்க்

இங்கேதான் அளவுகோலின் குறை உதவியது. முகத்தின் நடுப்பகுதி நடிகராகிவிட்டது என்று எண் சொல்கிறது, முழு முகம் நடிகர் இல்லை என்று மனிதர் சொல்கிறார். அப்படியானால் மிச்சக் கசிவு நடுவில் இல்லை, விளிம்பில் இருக்கிறது. மாடல் அதற்குப் பொறுப்பில்லை. டூப்பின் தாடையும் கன்ன விளிம்பும் நெற்றிமுடியும் நாம் மாற்றாமல் விட்ட அசல்.

வரைந்த முகத்தைக் காட்சியோடு ஒன்றிணைக்கும் கட்டத்தில் மாஸ்க் வகைகள் பல. நான் வைத்திருந்தது `learned-prd*learned-dst`. நடிகரின் முக எல்லை, டூப்பின் முக எல்லை இரண்டிலும் பொதுவாக விழும் இடத்தில் மட்டும் புது முகம் தெரியும். நடிகரின் வட்டக் கன்னம் டூப்பின் ஒல்லிக் கன்னத்துக்கு வெளியே போகிற இடத்தில் கத்தரிக்கப்பட்டுவிடும். மூன்று நாள் பாடுபட்டு வரைந்த கன்னத்தைக் கடைசி நிமிடத்தில் நானே வெட்டி எறிந்திருக்கிறேன். `X` விசையை அழுத்தி `learned-prd` வகைக்கு மாற்றினேன். இப்போது எல்லை நடிகருடையது. கன்னம் வந்தது, கன்னத்தோடு ஆளும் வந்தார்.

இதற்கு அதிர்ஷ்டமும் காரணம். கொடுப்பவர் முகம் பெரிது, வாங்குபவர் முகம் சிறிது என்றால் பெரியது சிறியதை மூடிவிடும். நேர்மாறாக இருந்தால் புது முகத்துக்கு வெளியே டூப்பின் தாடை துருத்திக்கொண்டு நிற்கும். அதை மாஸ்க் எதுவும் மறைக்காது, ஒவ்வொரு பிரேமாகப் பின்னணியை வரைந்து மூட வேண்டும். டூப்பைத் தேர்ந்தெடுக்கும்போதே என்னைக் கேட்டால் மூக்கையும் கண்ணையும் பார்க்கச் சொல்ல மாட்டேன். நடிகரைவிட ஒரு சுற்று ஒல்லி முகமா, நெற்றிமுடி தொடங்கும் கோடு ஒத்துப்போகிறதா என்று மட்டும் பார்க்கச் சொல்வேன். மூக்கை நான் மாற்றித் தருகிறேன், முடிக்கோட்டை யார் மாற்றுவது?

விளிம்பில் இன்னொன்றையும் மாற்றினேன். `seamless` முறை, ஒட்டுத் தெரியாமல் இருக்க விளிம்பின் நிறத்தை உள்ளே இழுத்து வரும். டூப்புக்கு மழித்த தாடியின் பச்சை நிழல் தாடையோரம் இருந்தது. அது நடிகரின் கன்னம் வரைக்கும் ஏறி அவரை ஒடுங்கிய முகமாகக் காட்டியது. `overlay` முறைக்குப் போய், நிற மாற்றத்தை `rct` என்று வைத்ததும் நிழல் இறங்கியது. விளிம்பில் லேசாகக் கோடு தெரிந்த இடங்களில் மங்கலைச் சற்றுக் கூட்டினேன்.

எட்டாத இடம்

ஒரே படத்தை வைத்து உடனே மாற்றித் தரும் `inswapper_128` மாதிரி கருவிகளில் இந்தப் படிகளில் பாதி கிடையாது. பயிற்சியே நம் கையில் இல்லாததால் படி 3, 4 இரண்டும் இல்லை. வெளியே வருவது 128×128 அளவு முகம். அதன் உரிமமும் வணிகமல்லாத ஆய்வுக்கு மட்டும் என்பதால் டெலிமூவிக்கு ஆகாது. அங்கே கசிந்தால், கொடுக்கும் படத்தை மாற்றிப் பார்க்கலாம், மாஸ்க்கை மாற்றலாம், அவ்வளவுதான்.

முழுதாகப் பயிற்சி கொடுத்த மாடலுக்கும் எட்டாத ஒன்று உண்டு. எங்கள் காட்சியைக் கடைசியாக நடிகரின் வீட்டில், அவருடைய அம்மாவுக்குப் போட்டுக் காட்டினோம். எதுவும் சொல்லாமல் காட்டினோம். மோட்டார் சைக்கிள் வந்தது, தலைக்கவசம் கழன்றது, பேச்சும் நடந்தது, அம்மா சாதாரணமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் சிரிப்பு வந்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தார். “இவன் எப்பய்யா இப்படிக் கோணலா சிரிப்பான்?”

டூப் சிரித்தால் இடப்பக்க உதடு முதலில் ஏறும். நடிகருக்கு இரண்டு பக்கமும் சேர்ந்து ஏறும். உதடு நடிகருடையது, அது ஏறிய விதம் டூப்புடையது. முகபாவத்தைக் கடத்துவதுதான் மாடலின் வேலை, அது தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது. இதற்கு எந்த அமைப்பும் இல்லை. சிரிப்பு வரும் அந்த மூன்று வினாடியை வெட்டிவிட்டு, பூக்கடைக்காரர் மல்லிகைச் சரத்தை அளந்து கொடுக்கும் கையைப் போட்டோம்.